நிமிடப் பூச்சி

இலையில் இருந்த பூச்சியைப் பற்றிய ஆங்கில வாக்கியம் ஒன்று செயலட்டையில் வந்தது. அகராதியின் முதற்பொருளை மட்டும் பார்த்து, "நிமிடப் பூச்சி" என்று எழுதினேன். வாசித்த உம்மா சிரித்துவிட்டார்.

மீண்டும் அகராதியைப் புரட்டினேன். எம், ஐ, என், யூ, டீ, ஈ என்ற அதே எழுத்துகளுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று பெயர்ச்சொல்: நிமிடம். மற்றது பெயரடை: மிகச் சிறிய. இரண்டையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். பூச்சியின் தன்மையைச் சொல்வதால் பெயரடையே பொருந்தியது.

உச்சரிப்பும் வேறு. அகராதியில் மேலே நிற்கும் சிறு கோடு, தனக்கு அடுத்துள்ள அசையை அழுத்தச் சொல்கிறது. பெயர்ச்சொல்லில் 'மி' அழுத்தம் பெறும்: மினிட். பெயரடையில் 'நியூட்' அழுத்தம் பெறும்: மைநியூட்.

இப்போது சொல்வகையைக் கண்ட பின்பே பொருளை எழுதுகிறேன்.