காலையில் விரல் மடங்கவில்லையா? மாதவிடாய் நிற்கும் வயதில் கைகொடுக்கும் குறிப்புகள்

தோழிகளே, எழுந்ததும் பால் பாக்கெட்டைக் கத்தரிக்க விரல் மடங்காது, கட்டிலை விட்டு இறங்கினால் முட்டி பிடித்துக்கொள்ளும். என் அக்காவுக்கு 47 வயதில் மாதவிடாய் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தபோது இப்படித்தான் இருந்தது. டாக்டரிடம் கேட்டும், வீட்டில் செய்து பார்த்தும் நாங்கள் கற்றுக்கொண்டவை இவை.

1. "ஹார்மோனுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் அக்காவும் கேட்டாள். குருத்தெலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு, தசைநார் எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் பெண்கள் பலருக்கும் மூட்டுவலி வருவதுண்டு. மாதவிடாய் முழுக்க நிற்கும் முன்பே, ஹார்மோன் ஏறி இறங்கும் அந்தச் சில வருஷங்களிலேயே வலி தொடங்கிவிடலாம்.

2. ஆனால் எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட்டுவிட வேண்டாம். இதே வயதில்தான் மூட்டுத் தேய்மானம், தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் எல்லாம் எட்டிப் பார்க்கும். தோள் இறுகிக் கை பின்னால் போகாமல் ஜாக்கெட் கொக்கி மாட்டவே முடியவில்லை என்றால் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

3. காசு செலவில்லாத பரிசோதனை ஒன்று இருக்கிறது: எழுந்த நேரத்தையும், விரல் தாராளமாக மடங்கிய நேரத்தையும் இரண்டு வாரத்துக்குத் தினசரி காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். அக்காவுக்கு இரண்டு வாரமும் 15, 20 நிமிடத்திலேயே பிடிப்பு விட்டது. தினமும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகள் வீங்கியும் இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அந்தத் தாள்களைக் காட்டுங்கள்.

4. பல் துலக்கும் முன் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் இரண்டு கைகளையும் ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, நீருக்குள்ளேயே விரல்களை மெதுவாக மூடித் திறங்கள். குளிக்கக் காய்ச்சும் வெந்நீரில் ஒரு சொம்பு எடுத்தால் போதும், தனியாக கேஸ் செலவில்லை.

5. முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கப் பை வாங்க வேண்டாம். பழைய பருத்தித் துணியில் கல் உப்பை முடிந்து, வெறும் தோசைக்கல்லில் சூடேற்றி, முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகு பத்து நிமிடம் ஒத்தி எடுங்கள். மூட்டு சிவந்து வீங்கிக் கொதித்தால் சூடு கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கும் இது வேண்டாம்.

6. வலிக்கிறதே என்று அசையாமல் உட்கார்ந்தால் தொடைத் தசை இளைத்து, பாரமெல்லாம் முட்டி மேல் இறங்கிவிடும். குக்கர் விசில் வருவதற்குள், கை இல்லாத நாற்காலியில் கை ஊன்றாமல் எட்டு முறை எழுந்து உட்காருங்கள்; காலை, மாலை இரு வேளையும் செய்தால் நல்லது. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். அக்காவுக்குப் படியேறுவது லேசாக இரண்டு மாதம் பிடித்தது.

7. துணி பிழிய மணிக்கட்டை முறுக்காதீர்கள். ஈரத்துணியைக் குழாயைச் சுற்றி மாட்டி, இரு முனைகளையும் சேர்த்து இழுத்துத் திருகினால் பாதி பலமே போதும். கரண்டி, கத்திப் பிடியில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றி நூலால் கட்டிவிட்டால் விரலுக்கு இதம்.

8. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் ஏறும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும். பட்டினி கிடக்காமல் இரவுச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ வையுங்கள். தசைக்கும் புரதம் கிடைக்கும்.

9. வலி மாத்திரையை வாரக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும், ரத்த அழுத்தமும் ஏறும். விரலுக்கும் முட்டிக்கும் மேலே தடவும் டைக்லோஃபினாக் ஜெல்லை முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

10. ஹார்மோன் சிகிச்சையால் சிலருக்கு மூட்டுவலி ஓரளவு குறைகிறது, ஆனால் மூட்டுவலிக்காக மட்டும் பொதுவாக அதைத் தருவதில்லை. திடீர் உடல் சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மையும் சேர்ந்து வாட்டினால் மகளிர் மருத்துவரிடம் பேசுங்கள். மார்பகப் புற்றுநோயோ காலில் ரத்தக்கட்டோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாளைக் காலையே காலண்டர் பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள் தோழிகளே. இரண்டு வாரக் குறிப்பு கையில் இருந்தால், வீட்டு வைத்தியம் போதுமா, டாக்டரிடம் போக வேண்டுமா என்று முடிவெடுப்பது சுலபம்.