ஒரு சொல், இரண்டு நீட்டல்

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை. நெடிலுக்கு இரண்டு மாத்திரை. குர்ஆன் ஓதுவதிலும் இந்தக் கணக்கு உண்டு. அங்கே நீட்டுவதற்கு மத்து என்று பெயர். அலிஃப், வாவ், யா ஆகிய மூன்றும் நீட்டும் எழுத்துகள். சாதாரணமாக இவை இரண்டு மாத்திரை நீளும்.

இதைக் குறைத்தால் பொருளே மாறிவிடும். 'கால' என்றால் ஒருவர் சொன்னார். 'காலா' என்றால் இருவர் சொன்னார்கள். கடைசியில் நீட்டியது மட்டும்தான் வேறுபாடு.

சில இடங்களில் இரண்டுக்கு மேலும் நீட்ட வேண்டும். எங்கே? நீட்டும் எழுத்துக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். அதே சொல்லில் ஹம்ஸா வந்தால் நான்கு அல்லது ஐந்து மாத்திரை. சுகூன் வந்தால் கணக்கு வேறு. சுகூன் என்பது தமிழில் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி போன்றது.

அல்ஹம்து சூராவின் கடைசிச் சொல்லைப் பார்ப்போம். 'வலழ்ழால்லீன்'. இதில் இரண்டு நீட்டல்கள் உள்ளன.

முதலில் 'ழா'. அடுத்து லாம் இரட்டித்து வருகிறது: 'ல்லீ'. இரட்டிப்பின் முதல் பாதி புள்ளி வைத்த 'ல்'. நெடிலை ஒட்டியே அது வருவதால், அதைத் தெளிவாகச் சொல்ல நாக்குக்கு இடம் வேண்டும். அதனால் இங்கே ஆறு மாத்திரை. இதில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அச்சிட்ட குர்ஆனில் அலிஃபின் மேல் அலை போன்ற கோடு இருக்கும். அதுதான் அடையாளம்.

அடுத்து 'லீ'. இதன் பின் வருவது 'ன'. அது உயிருள்ள எழுத்து. ஆனால் வசனம் அங்கே முடிகிறது. நிறுத்தும்போது 'ன' என்பது 'ன்' ஆகிறது. நிறுத்துவதால்தான் இங்கே சுகூன் வந்தது. ஆகவே இரண்டு, நான்கு, ஆறு என எதையும் எடுக்கலாம். மூச்சு குறைந்தவர்களுக்கு இரண்டு போதும். ஆனால் ஒன்றை எடுத்தால் மாற்றக் கூடாது. 'ஆலமீன்', 'ரஹீம்', 'தீன்' என்று முந்தைய வசனங்களின் முடிவிலும் அதே அளவு வர வேண்டும்.

பலர் இதைத் தலைகீழாக ஓதுகிறார்கள். ராகத்துக்காகக் கடைசி 'லீ'யை இழுக்கிறார்கள். 'ழா'வை இரண்டோடு விட்டுவிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க விரல்களே போதும். 'ழா' என்று தொடங்கி, நிதானமாக ஒவ்வொரு விரலாக மடக்குங்கள். ஆறாவது விரல் மடங்கிய பிறகுதான் நாக்கு 'ல்'லில் ஒட்ட வேண்டும். வேகமாக ஓதினால் விரலும் வேகமாக மடங்கும். எண்ணிக்கை மட்டும் மாறாது.