நன்றியுரை எழுதப் போகிறாயா தங்கச்சி?

ஆய்வேடு பைண்டிங்குக்குப் போவதற்கு முதல் நாள் ராத்திரி, சீனியருடைய நன்றியுரையைத் திறந்து வைத்துப் பெயர்களை மட்டும் மாற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி, ஒப்புமைச் சோதனையில் நன்றியுரை கணக்கில் சேராது. அதனால் யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறிய பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். உன் வீட்டார் முதலில் தேடுவதும் அந்தப் பக்கத்தைத்தான். அதை நீயே எழுது.

பட்டியல் முதலில்

ஒரு தாளில் பெயரை எழுது. பக்கத்தில் அவர் செய்த உதவியை எழுது. என்ன செய்தார் என்று எழுத வராத பெயர்களை ஒரே வரியில் சேர்த்துவிடு. துணைவேந்தர், பதிவாளர் பெயர்களைப் போடும் வழக்கம் உன் துறையில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வரி போதும். ஒரு பக்கத்துக்குள் முடி. பக்க அளவைப் பல்கலைக்கழகமே சொல்லியிருக்கலாம். ஆய்வேட்டு வழிகாட்டுதலை ஒருமுறை பார்த்துக்கொள்.

நெறியாளருக்கு

கொல்லிமலைத் தாவரங்களை ஆய்வு செய்யும் ஒருத்தி இப்படித் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்: "கடலளவு அறிவும் தாயன்பும் கொண்டு என்னைச் செதுக்கிய என் நெறியாளர் அவர்களின் பொற்பாதங்களுக்கு…" இதை யார் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவளுடைய நெறியாளர் செய்தது இதில் எங்கே இருக்கிறது?

இப்படி மாற்றலாம்: "மழைக்கு முன்பும் பின்பும் மாதிரி எடுக்கவேண்டும் என்று வழிகாட்டி, ஒவ்வோர் இயலையும் வரி வரியாகத் திருத்தித் தந்த என் நெறியாளர் பேராசிரியர் … அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி." மரியாதை குறையவில்லை. புகழ்ச்சி போய், நடந்தது வந்துவிட்டது. படிக்கும்போது அவருக்கே அந்த நாள் ஞாபகம் வரும்.

நெறியாளரோடு மனக்கசப்பு இருந்தால்? உண்மையான ஒரு வாக்கியம் எழுது: "ஆய்வேட்டை வாசித்துக் கருத்துரைத்த என் நெறியாளர் அவர்களுக்கு நன்றி." பொய்ப் புகழ்ச்சியும் வேண்டாம், குத்தலும் வேண்டாம். குத்தல் எழுதினால் அது காலத்துக்கும் உன் பெயரில்தான் இருக்கும்.

பணம் தந்தவர்களுக்கு

இங்கே உணர்ச்சி வேண்டாம், துல்லியம் வேண்டும். அமைப்பின் முழுப்பெயர், திட்டத்தின் பெயர், கோப்பு எண், ஆண்டுகள் ஆகிய நான்கும் இருக்கவேண்டும். எண்ணை ஞாபகத்திலிருந்து எழுதாதே. உதவித்தொகை ஆணையை எடுத்து வைத்துப் பார்த்து எழுது. அந்த ஆணையிலேயே நன்றி தெரிவிக்கவேண்டிய வாசகம் கொடுத்திருந்தால் அதையே போடு.

மாதிரிக்கு: "இந்த ஆய்வு, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகையால் (கோப்பு எண் …) 2019 முதல் 2024 வரை நடைபெற்றது." வேதிப்பொருள்களை நெறியாளரின் புராஜெக்ட் பணத்தில் வாங்கியிருந்தால், அதைத் தனி வாக்கியமாகச் சொல். உன் உதவித்தொகை வேறு, அந்தப் பணம் வேறு.

களத்தில் உதவியவர்களுக்கு

மலையில் வழிகாட்டியவர், மாதிரிகளைச் சோதித்துத் தந்த லேப் டெக்னீஷியன், தாவரங்களை அடையாளம் காட்டிய மூலிகை வைத்தியர் ஆகியோரைத்தான் பெரும்பாலும் மறந்துபோகிறோம். அவர்களையும் சேர். ஆனால் பெயர் போடுவதற்கு முன் அவர்களிடம் கேள். சிலருக்குப் பெயர், ஊர் வெளியே வருவதில் விருப்பம் இருக்காது. அப்படியானால் "பெயர் குறிப்பிட விரும்பாத வைத்தியர்" என்று எழுது.

வீட்டாருக்கு

"படிக்க அனுமதித்த கணவருக்கு" என்று எழுதுகிறோம். அவர் செய்ததைச் சொல்: "நான் களப்பணிக்குப் போன நாள்களில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட கணவருக்கும் அத்தைக்கும்." பெற்றோருக்கும் இப்படியே. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல் போதும். வீட்டுக் கடன், உடல்நலக் குறைவு போன்றவற்றைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் எழுதாதே. அவர்கள் பெயரும் ஷோத்கங்காவில் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை

வெளித் தேர்வாளருக்கு முன்கூட்டியே நன்றி சொல்லாதே. மதிப்பிடப்போகிறவரின் தயவைத் தேடுவதுபோல் ஆகிவிடும். வாய்மொழித் தேர்வு முடிந்தபின் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் ஒருநாள் ஆறப்போடு. பிறகு, வேறு ஒருவரின் ஆய்வேட்டிலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடு. மிச்சம் இருப்பதில் உள்ள பெயர், இனிஷியல், பதவி மூன்றையும் அவரவரிடமே கேட்டுச் சரிபார். பெயரைத் தப்பாக அச்சடித்துவிட்டுச் சொல்லும் நன்றி நன்றியாகாது.