லிங்க் வேறு, அழைப்பு வேறு

நெய்வேலியில் பணி ஓய்வு என்றால் வீட்டைக் காலி செய்வதும் சேர்ந்தே வரும். என்.எல்.சி. குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் வடலூருக்கோ பண்ருட்டிக்கோ போகிறார்கள். பிள்ளைகள் அதற்கு முன்பே சென்னைக்கும் துபாய்க்கும் போயிருப்பார்கள். எங்கள் பெரியப்பா தம் வட்டத்து வீட்டை விட்டபோது, பீரோவில் இருந்ததையெல்லாம் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் போட்டோம். மனைப் பத்திரம், பி.எஃப். தாள்கள், எல்லோருடைய ஆதார், கூடவே அந்த வாசலில் எடுத்த கல்யாணப் படங்கள். லிங்க் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, மனை புரோக்கர் ஒருவரிடமும் அது இருக்கிறது என்று. பத்திரத்தைக் காட்டுவதற்காக எங்களில் ஒருவர் அனுப்பியிருந்தார். போனது பத்திரம் மட்டுமல்ல, முழு ஃபோல்டரும்தான்.

அன்று எங்கள் வீட்டில் பேசப்பட்ட நம்பிக்கைகள் பல வீடுகளிலும் இருப்பவை.

நம்பிக்கை: “பார்க்க மட்டும்தானே கொடுத்தோம், யார் என்ன செய்துவிட முடியும்?”

உண்மை: Viewer என்ற அனுமதி, உங்கள் ஃபோல்டரில் இருப்பதை அடுத்தவர் மாற்றவோ அழிக்கவோ முடியாமல் தடுக்கிறது. அவ்வளவுதான். பார்ப்பவர் வழக்கமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். கோப்புக்கு அதைத் தடுக்கும் அமைப்பு உண்டு என்றாலும், ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை எதுவும் தடுக்காது. எதைச் செய்யலாம் என்பது ஒரு கேள்வி, யார் பார்க்கலாம் என்பது வேறொரு கேள்வி. Viewer முதல் கேள்விக்கு மட்டுமே பதில்.

நம்பிக்கை: “லிங்க் நம் குழுவில்தானே இருக்கிறது, வெளியாள் எப்படி வருவார்?”

உண்மை: Anyone with the link என்று வைத்தால் டிரைவ் ஆளைப் பார்ப்பதில்லை, லிங்க்கை மட்டுமே பார்க்கிறது. திறப்பவருக்குக் கூகுள் கணக்குகூட வேண்டாம். அந்த முகவரியை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம், ஆனால் ஃபார்வர்டு செய்ய ஒரு விரல் போதும். இன்னொன்றும் உண்டு: அந்த ஃபோல்டரில் பின்னாளில் நீங்கள் போடும் எதுவும் அதே லிங்க்கில் தெரியும். புரோக்கருக்கு லிங்க் போன பிறகு நாங்கள் சேர்த்த பான் கார்டும் அப்படித்தான் அவருக்குத் திறந்து கிடந்தது.

நம்பிக்கை: “இப்போது ஒவ்வொருவரையும் மின்னஞ்சலில் அழைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை.”

உண்மை: நாங்கள் சறுக்கியது இங்கேதான். அழைப்பும் லிங்க்கும் ஒரே வீட்டின் இரண்டு கதவுகள். பெயர் சொல்லி ஐந்து பேரைச் சேர்த்தோம், ஆனால் Share பகுதியின் கீழே General access பழையபடி Anyone with the link என்றே இருந்தது. அந்த நிலையில் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினாலும், பழைய லிங்க் கையில் இருந்தால் அவர் உள்ளே வந்துவிடுவார். புரோக்கரை நீக்கலாம் என்று தேடினோம். நீக்குவதற்கு அவர் பெயரே இல்லை. லிங்க் வழியாக வந்து பார்த்தவர்கள் யார் என்று எங்கள் கணக்கில் எங்கும் காட்டவில்லை.

General access-ஐ Restricted என்று மாற்றிய பிறகுதான் அந்தக் கதவு மூடியது. ஃபோல்டரின் முகவரி மாறாது. அதே லிங்க் இனி அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் திறக்கும். ஆகவே, வசதிக்காக ஒருநாள் திரும்ப லிங்க்கைத் திறந்துவிட்டால், பழைய ஃபார்வர்டுகள் எல்லாம் மறுபடி உயிர்பெறும். ஏற்கெனவே டவுன்லோடு ஆனவை எப்படியும் திரும்பி வராது.

நம்பிக்கை: “பெயர் சொல்லி அழைத்தால் முழுப் பாதுகாப்பு.”

உண்மை: அதற்கும் எல்லை உண்டு. Editor அனுமதி பெற்றவர், நீங்கள் அமைப்பில் தடுக்காவிட்டால், மேலும் ஆட்களைச் சேர்க்கலாம். ஆகவே பெரும்பாலோருக்கு Viewer போதும். பெரியம்மாவின் போனில் வேறொரு ஜிமெயில் கணக்கு இருந்தது. அவர் திறந்ததும் Request access என்று வந்தது, எங்களுக்கு ஒரு மின்னஞ்சலும் வந்தது. அப்படி வந்தால் முகவரி யாருடையது என்று போன் செய்து கேட்டபிறகே ஒப்புதல் கொடுங்கள்.

இப்போது எங்களிடம் இரண்டு ஃபோல்டர்கள். கல்யாணப் படங்கள் லிங்க்கிலேயே இருக்கின்றன, துபாய்க்காரர்களும் அத்தை வீட்டாரும் சிரமமின்றிப் பார்க்கிறார்கள். காகிதங்கள் தனி ஃபோல்டரில், ஐந்து பெயர்களுக்கு மட்டும். படங்களின் ஃபோல்டருக்குள் அதை வைக்கவில்லை, வைத்தால் அந்த லிங்க் இதற்கும் பாயும்.

உங்கள் ஃபோல்டரைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். லிங்க்கை நகலெடுத்து, குரோமில் New Incognito tab திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் ஒட்டிப் பாருங்கள். ஆதார் தெரிந்தால், உடனே Restricted என்று மாற்றுங்கள்.