சித்தப்பாவோட புது சிஎன்சி மெஷினுக்கு என் 5 லட்சத்தைப் போடலாமா?

போன வாரம் என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் கூப்பிட்டான். ஐடி கம்பெனியில வேலை, கையில 5 லட்சம் எஃப்டி இருக்கு. அவனோட சித்தப்பா கோயம்புத்தூர் கணபதி பக்கம் சின்ன மெஷினிங் பட்டறை வச்சிருக்கார். பழைய சிஎன்சி லேத்தை மாத்தப் போறார், அதுக்கு இவன்கிட்ட அந்த 5 லட்சத்தைக் கேட்டிருக்கார். "மச்சான், 21 லட்ச ரூபா மெஷின். வருஷத்துக்கு 12 லட்சம் சம்பாதிச்சுக் கொடுக்கும்னு சொல்றார். ரெண்டு வருஷத்துல போட்ட காசு வந்துடும்ல?"

வராது. ஏன்னா அந்த 12 லட்சத்துல 7 லட்சம் பழைய மெஷினே இப்ப சம்பாதிச்சுக்கிட்டு இருக்கு. புது மெஷின் வந்தா *கூடுதலா* கிடைக்கிறது 5 லட்சம்தான். ஜாப் ஒர்க் கூடுறதால 2.4 லட்சம், கரண்ட்டும் ரிப்பேரும் குறையறதால 1.6 லட்சம், ரிஜெக்‌ஷன் குறையறதால 1 லட்சம். ஆபரேட்டர் சம்பளம், ஷெட் வாடகை ரெண்டும் எந்த மெஷின் இருந்தாலும் போகப் போற காசு, அதனால கணக்குக்குள்ளேயே வராது. மாத்தினா என்ன, மாத்தாட்டி என்ன, இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் இன்க்ரிமென்டல் கேஷ் ஃப்ளோ.

முதல்ல இன்னைக்குக் கையை விட்டுப் போற பணம். மெஷின் 20 லட்சம், இறக்கி நிறுவ 1 லட்சம், ஆக 21 லட்சம். ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கிறதால அதைச் சேர்க்கலை. பழைய லேத்தை இன்னைக்கு வித்தா 4 லட்சம் வரும். நிகரமா 17 லட்சம்.

இங்கதான் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டிருக்கார்: "பழசுக்குப் புக்ல இன்னும் 6 லட்சம் மதிப்பு நிக்குது. 4க்கு வித்தா 2 லட்சம் நஷ்டமாச்சே, அதுக்கு வரி குறையுமா?"

வெளிநாட்டு வீடியோக்கள் பார்த்துப் படிச்சவங்க "ஆமா, 2 லட்சத்துக்கு 31.2%, அதாவது 62,400 ரூபா வரி மிச்சம்"னு எழுதிடுவாங்க. நம்ம ஊர் வருமான வரியில அப்படிக் கிடையாது. இங்க ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி கணக்கு இல்லை. ஒரே வகையில ஒரே டிப்ரிசியேஷன் ரேட் உள்ளதெல்லாம் ஒரே 'பிளாக்'ல கிடக்கும். சாதாரண மெஷின்களுக்கு 15%. புதுசு வாங்கினா விலை பிளாக்ல ஏறும், பழசை வித்தா வித்த விலை இறங்கும், மிச்சத்து மேல 15%. அவ்வளவுதான். அந்த 6 லட்சம் அவரோட அக்கவுண்டண்ட் தன் வசதிக்குத் தனியா எழுதி வச்ச நம்பர். மாத்தினாலும் மாத்தாட்டியும் அது பிளாக்ல அப்படியேதான் இருக்கும். அதனால வித்தியாசக் கணக்குல அடிபட்டுப் போயிடும்.

அப்போ பிளாக்ல கூடுதலா ஏறினது எவ்வளவு? 21 லட்சம் இல்லை, 4 லட்சம் இறங்கியது போக 17 லட்சம். நிறைய பேர் 21 மேலேயே 15% போட்டுடுவாங்க. முதல் வருஷம் மட்டும் வரிப் பலன் 18,720 ரூபா அதிகமாத் தெரியும்.

வரிப் பலன்னா என்ன? டிப்ரிசியேஷன் கையை விட்டுப் போற காசு இல்லை. ஆனா லாபத்தைக் குறைச்சுக் காட்டும், அதனால வரி குறையும். அந்தக் குறையற வரிதான் நமக்கு மிஞ்சுற பணம், டாக்ஸ் ஷீல்டு. சித்தப்பா தனி உரிமையாளர், புது வரி முறை, வருமானம் 24 லட்சத்தைத் தாண்டி 30% ஸ்லாப்ல இருக்கு. செஸ் சேர்த்து 31.2%. அவர் மொத்தமாக் கட்டுற வரியோட சராசரியை இங்க போடக் கூடாது. ஏன்னா கூடுதலா வர்ற ரூபாயும் சரி, கழியற ரூபாயும் சரி, உச்சி ஸ்லாப்லதான் நடக்குது. (பழைய வரி முறையில இருந்தா உற்பத்தி பண்றவங்களுக்குப் புது மெஷினுக்குக் கூடுதலா 20% டிப்ரிசியேஷன் உண்டு. புது முறையில அது கிடையாது.)

முதல் வருஷம் டிப்ரிசியேஷன் 17 லட்சத்துல 15%, அதாவது 2.55 லட்சம். அதுல 31.2% சுமார் 80,000 ரூபா மிச்சம். அடுத்த வருஷம் மிச்சமிருக்கிற 14.45 லட்சத்து மேல 15%. இப்படியே வருஷா வருஷம் குறையும்.

கூடுதல் வருமானம் 5 லட்சத்துக்கு வரி கட்டணும்ல? 31.2% போக 3.44 லட்சம் நிக்கும். ரெண்டையும் சேர்த்தா (எல்லாம் லட்சத்தில்):

| வருஷம் | வரி போக வருமானம் | டாக்ஸ் ஷீல்டு | மொத்தம் |
|---|---|---|---|
| 1 | 3.44 | 0.80 | 4.24 |
| 2 | 3.44 | 0.68 | 4.12 |
| 3 | 3.44 | 0.57 | 4.01 |
| 4 | 3.44 | 0.49 | 3.93 |
| 5 | 3.44 | 0.42 | 3.86 |

அஞ்சு வருஷம் கழிச்சுப் புது மெஷினை வித்தா 7 லட்சம் வரும்னு டீலர் சொல்றார். அந்த 7ஐ அப்படியே போட்டுடாதீங்க! பழைய லேத்தை இப்ப விக்காம வச்சிருந்தா அப்பவும் இரும்பு விலைக்காவது 1 லட்சம் கிடைச்சிருக்கும். அதை நாம விட்டுக் கொடுத்துட்டோம். ஆக, கூடுதல் 6 லட்சம்தான். வேற மெஷின்கள் பிளாக்ல இருக்கிறதால இந்த 6 லட்சத்துக்கு உடனே வரி வராது, பிளாக்ல கழியும். கழிச்சதுக்கு அப்புறம் மிஞ்சுற 1.54 லட்சத்துக்கு டிப்ரிசியேஷன் தொடர்ந்து வரும். இன்னைய மதிப்புல அது தர்ற வரிப் பலன் 15,000 ரூபா சுமார், அதை விட்டுடறேன். (பட்டறையிலேயே ஒரே ஒரு மெஷின்தான்னா கதை வேற. அதை வித்து பிளாக் காலியானா வர்றது குறுகிய கால மூலதன லாபம் அல்லது நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தொழில் வருமானத்துல கழிக்க முடியாது.)

இந்தப் பணத்துக்கு 12% எதிர்பார்க்கிறோம்னு வச்சு, அஞ்சு வருஷத்து வரவையும் கடைசி 6 லட்சத்தையும் இன்னைய மதிப்புக்குக் கொண்டு வந்தா 18.01 லட்சம். போட்டது 17. மிச்சம் 1 லட்சம் சொச்சம். லோன் வட்டியைத் தனியாக் கழிக்காதீங்க. அது அந்த 12%க்குள்ளேயே அடக்கம், கழிச்சா ரெண்டு தடவை கழிச்ச மாதிரி ஆயிடும்.

"அப்போ லாபம்தானே?"ன்னு கேட்டான். லாபம்தான், ஆனா மயிரிழையில. இன்னைய மதிப்புல பார்த்தா அஞ்சு வருஷ வரவுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி கடைசி வருஷத்துல வருது, அதுல பெரும்பகுதி அந்த 7 லட்சம் விலையை நம்பி. அது 5.2 லட்சமா இறங்கினாலே மேல உள்ள கணக்கு பூஜ்யம். நான் விட்டுட்ட பிளாக் மிச்சத்து வரிப் பலனைச் சேர்த்தா 4.5 லட்சம் வரைக்கும் தாங்கும். அதுக்குக் கீழ போனா இவன் எஃப்டியை உடைச்சதுக்கு அர்த்தமே இல்லை. அந்த 7 லட்சத்தைச் சொன்னது யாரு? மெஷினை விக்கிற டீலர்.

இன்னொரு விஷயம் தேதி. அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா மெஷின் ஓடினா முதல் வருஷம் புது மெஷினுக்குப் பாதி ரேட்தான், 7.5%. 21 லட்சத்துக்கு சுமார் 49,000 ரூபா வரிப் பலன் அந்த வருஷம் கிடைக்காம தள்ளிப் போகும். 1 லட்சம் லாபத்துல நிக்கிற கணக்குக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆர்டர் கொடுத்த தேதி கணக்கில்லை, ஓட ஆரம்பிச்ச தேதிதான் கணக்கு. தீபாவளி ஆஃபருக்குக் காத்திருந்தா அந்தத் தள்ளுபடி இதை ஈடு கட்டுதான்னு பாருங்க.

பணம் இன்னும் கொடுக்கலை. வர்ற சனிக்கிழமை ஃப்ரெண்டும் சித்தப்பாவும் செகண்ட் ஹேண்ட் மெஷின் விக்கிற ரெண்டு பேரைப் பார்க்கப் போறாங்க. இதே மாடல், அஞ்சு வருஷம் ஓடினது, இன்னைக்கு என்ன விலைக்கு எடுப்பீங்கன்னு கேட்கறதுக்கு.