ஐம்பது நாளின் விலை

சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், சம்பள நாள் வரை கணக்கில் சாமான் தரும் கடை ஒன்று இருந்தது. சீனி, பருப்பு எல்லாம் டவுனைவிட அங்கே விலை கூடுதல். "காசு கையில இருந்தா டவுன் கடை, இல்லாட்டித்தான் தோட்டத்துக் கடை" என்பார் அம்மா. இப்போது ஈப்போவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வாடகையையும் மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் கிரெடிட் கார்டில் கட்டிப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்குப் பிடிபட்டது.

வீட்டுக்காரர் கார்டு வாங்க மாட்டார். அதனால் இடையில் ஒரு கட்டணச் சேவை. வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்தால், என் கார்டில் பணத்தை எடுத்து, ஓரிரு நாளில் அவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடும். அதற்குக் கூலி 2.2 விழுக்காடு. வாடகை 1,000 ரிங்கிட். கார்டில் ஏறியது 1,022.

அந்த 22 ரிங்கிட்டுக்கு என்ன திரும்பியது? என் கார்டில் ஒரு ரிங்கிட்டுக்கு ஒரு புள்ளி. பத்தாயிரம் புள்ளி சேர்ந்தால் 40 ரிங்கிட் பற்றுச்சீட்டு. அப்படியானால் ஒரு மாத வாடகைக்குக் கிடைத்தது ஏறக்குறைய நாலு ரிங்கிட். கார்டுக்குக் கட்டும் கடைசி நாள் வரை வாடகைப் பணத்தை மூன்று விழுக்காடு வட்டியில் போட்டு வைத்திருந்தாலும், அதிகபட்சமான ஐம்பது நாளைக்கு இன்னொரு நாலு ரிங்கிட்தான். எட்டு வந்தது, இருபத்திரண்டு போனது. கையில் பணம் இருப்பவருக்கு இது நட்டம்.

பணம் இல்லாதபோது கணக்கு மாறும். அப்போது நாம் வாங்குவது புள்ளியை அல்ல, நாட்களை. என் கார்டுப் பட்டியல் மாதம் 5-ஆம் தேதி வரும். கட்டக் கடைசி நாள் 25. ஜனவரி 6-இல் பதிவான தொகை பிப்ரவரி 5-ஆம் தேதிப் பட்டியலில் வந்து, பிப்ரவரி 25-இல் கட்ட வேண்டியதாகும். ஐம்பது நாள். அதே தொகை இரண்டு நாள் முன்னதாக, ஜனவரி 4-இல் பதிவாகியிருந்தால் ஜனவரி 25-இலேயே கட்ட வேண்டும். இருபத்தொரு நாள்தான். கூலி மட்டும் அதே 22 ரிங்கிட்.

ஐம்பது நாளுக்கு 2.2 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 16 விழுக்காடு. இருபத்தொரு நாளுக்கு என்றால் 38. மலேசியாவில் கார்டு வட்டியே ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடுதான். "வட்டியில்லா நாள்" என்ற பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். நீங்கள் பொத்தானை அழுத்திய நாள் கணக்கில் வராது. வங்கியில் பதிவாகும் நாளே கணக்கு. அதனால் பட்டியல் தேதி கடந்த மறுநாளைப் பார்த்துக் கட்டுங்கள்.

கல்லூரிக் கட்டணத்தில் நான் பட்டது இதைவிடப் பெரிது. ஒரு பருவத்துக்கு 4,800 ரிங்கிட், கூலி 105.60. புள்ளி ஒன்றுகூட ஏறவில்லை. வங்கியின் விதிமுறையில், புள்ளி கிடைக்காத செலவு வகைகளில் கல்வியும் இருந்ததை நான் படிக்கவில்லை. அந்த மாதம் எதிர்பார்த்த பணமும் வரவில்லை. குறைந்தபட்சத் தொகையான ஐந்து விழுக்காட்டை, ஏறக்குறைய 245 ரிங்கிட்டை மட்டும் கட்டினேன். முழுத் தொகையும் கட்டாவிட்டால் வட்டியில்லா நாட்கள் அத்தனையும் போய்விடும். கடைசி நாளிலிருந்து அல்ல, பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடும். அடுத்த பட்டியலில் வட்டி மட்டும் நூறு ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கிய மளிகைச் சாமானுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஏறியது.

இப்போது இரண்டு சூழ்நிலையில் மட்டுமே இந்த வழியைத் தொடுகிறேன். முதலாவது, புதுக் கார்டுக்கான வரவேற்புப் பரிசு. அறுபது நாளில் 3,000 ரிங்கிட் செலவழித்தால் 300 ரிங்கிட் மதிப்புள்ள பொருள் என்றால், 66 ரிங்கிட் கூலி தகும். ஆனால் வாடகையும் கட்டணமும் அந்தச் செலவில் சேருமா என்று வங்கியிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவேன். இரண்டாவது, வரவேண்டிய பணத்தின் தேதி உறுதியாகத் தெரிந்து, அது கடைசி நாளுக்கு முன்பே வரும் என்ற நிலை. கார்டைச் செருகி ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பதைவிட இது மலிவு. ரொக்கத்துக்குத் தனிக் கூலியும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

மற்ற மாதங்களில் வாடகை என் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகிறது. கையில் காசு இருக்கிறது. அதனால் டவுன் கடை.