330 ஓட்டமும் 341 ஓட்டமும்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடையில் 2022 ஐபிஎல் முடிந்த மறுவாரம் ஒரு வாக்குவாதம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை அணியில் விளையாடும் தம்பி ஒருவன் மொபைலை என் முன்னால் நீட்டினான். "அண்ணா, நீங்களே பாருங்க. டிகே சராசரி 55. கோலி 22.73. ரெண்டு மடங்குக்கும் மேல!"

அந்த அணிக்குப் பல வருடமாக ஸ்கோர் எழுதுகிறவன் நான். அவன் காட்டிய எண்கள் இரண்டும் சரி. ஆனால் அந்த சீசனில் பெங்களூர் அணிக்காக தினேஷ் கார்த்திக் அடித்தது 330 ஓட்டம், விராட் கோலி அடித்தது 341. இருவரும் ஆடியது 16 இன்னிங்ஸ். மொத்த ஓட்டத்தில் கோலிதான் 11 கூடுதல். அப்படியிருக்க, சராசரியில் ஏன் இவ்வளவு இடைவெளி?

சராசரி போடும்போது நாம் இன்னிங்ஸால் வகுப்பதில்லை, ஆட்டமிழந்த தடவையால் வகுக்கிறோம். கார்த்திக் 16 இன்னிங்ஸில் 10 முறை நாட் அவுட். அதனால் 330-ஐ 6-ஆல் வகுத்தால் 55. கோலி ஒரே ஒரு முறை நாட் அவுட். 341-ஐ 15-ஆல் வகுத்தால் 22.73. எனவே 55 என்ற எண்ணைப் பார்த்து, கார்த்திக் இறங்கினால் 55 அடிப்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு விக்கெட்டைக் கொடுப்பதற்குள் அவர் 55 ஓட்டம் சேர்த்தார் என்பதுதான் அதன் பொருள். இன்னிங்ஸுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அவருக்கு 20.6, கோலிக்கு 21.3.

இங்கேயே நிறுத்திவிட்டு "அப்ப ரெண்டு பேரும் சமம்தான்" என்று சொன்னால் அதுவும் தவறு. அடுத்து நான் பார்ப்பது பந்துகளை. கார்த்திக் அந்த சீசன் முழுக்கச் சந்தித்தது 180 பந்து, அதாவது இன்னிங்ஸுக்கு 11 பந்து போல. கோலி 294, இன்னிங்ஸுக்கு 18-க்கு மேல். ஸ்ட்ரைக் ரேட் கார்த்திக்குக்கு 183.33, கோலிக்கு 115.99. கடைசி ஓவர்களில் இறங்குகிறவர் நாட் அவுட்டாகத் திரும்புவதற்கு ஓவர் தீர்ந்துபோவதும் ஒரு காரணம். ஆனாலும் 180-ஐ 6-ஆல் வகுத்தால் 30 பந்துக்கு ஒரு முறைதான் அவர் அவுட் ஆகியிருக்கிறார். கோலி ஏறத்தாழ 20 பந்துக்கு ஒரு முறை. கார்த்திக் வேகமாகவும் அடித்து, விக்கெட்டையும் காப்பாற்றியிருக்கிறார். ஆகவே கார்த்திக்கின் சீசன் மேலானது என்று தம்பி சொன்னது சரி. அதற்கு 55-ஐயும் 22-ஐயும் சாட்சியாகக் கொண்டுவந்ததுதான் தவறு.

ஸ்ட்ரைக் ரேட்டிலும் ஒரு கண் வைக்க வேண்டும். கோலி இறங்கியது புதுப்பந்துக்கு முன்னால். கார்த்திக் இறங்கியது யாராக இருந்தாலும் அடித்தே ஆகவேண்டிய ஓவர்களில். அந்த நேரத்தில் எல்லோருடைய ஸ்ட்ரைக் ரேட்டும் ஏறும். அதனால் 183-ஐ இன்னொரு கடைசிநேர ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால்தான் அது எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

ஒரு இன்னிங்ஸுக்குள்ளேயும் ஸ்ட்ரைக் ரேட் ஏமாற்றும். அதே ஆண்டு ஏப்ரல் 16, வான்கடேயில் டெல்லிக்கு எதிராக 92-க்கு 5 விக்கெட் போன நிலையில் கார்த்திக் வந்து 34 பந்தில் 66 நாட் அவுட். ஸ்ட்ரைக் ரேட் 194. அதில் முஸ்தஃபிசுர் ரஹ்மானின் ஒரே ஓவரில் 28 ஓட்டம், 4, 4, 4, 6, 6, 4. அந்த ஆறு பந்தை எடுத்துவிட்டால் மிச்சம் 28 பந்தில் 38, ஸ்ட்ரைக் ரேட் 136. இதனால் ஆட்டத்தின் மதிப்பு குறையவில்லை, பெங்களூர் ஜெயித்ததே 16 ஓட்டத்தில்தான். ஆனால் முப்பது நாற்பது பந்துகளை வைத்துக்கொண்டு ஒருவரின் வேகத்தைத் தீர்மானித்தால், ஒரு ஓவர் அந்த எண்ணைத் தலைகீழாக்கிவிடும்.

சராசரியை நம்பி எங்கள் அணியும் ஒரு முறை ஏமாந்தது. ஏழாவதாக இறங்குகிற பையனுக்குச் சராசரி 41 என்று என் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன், மூன்றாவது இடத்துக்கு அனுப்பினோம். மூன்று ஆட்டம் தொடர்ந்து சொற்ப ஓட்டத்தில் வெளியேறினான். பிறகு உட்கார்ந்து பார்த்தேன்: ஒன்பது இன்னிங்ஸ், ஏழு நாட் அவுட், மொத்தமே 82 ஓட்டம். ஒரு தடவைகூட 15 பந்துக்கு மேல் ஆடியதில்லை. அவனால் நீண்ட நேரம் நிற்க முடியுமா என்ற கேள்விக்கு அந்த 41-க்குள் பதிலே இல்லை.

எகானமிக்கு வருவோம். சின்னசாமி மைதானத்தில் எல்லைக்கோடு கிட்டே, பந்து பறக்கும். 2024 ஏப்ரல் 15 அன்று அங்கே ஹைதராபாத் 287 அடித்தது, பெங்களூர் 262 வரை துரத்தியது. அதில் பேட் கம்மின்ஸ் 4 ஓவரில் 43 கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். எகானமி 10.75. தனியாகப் பார்த்தால் அடி வாங்கியவர் மாதிரி இருக்கும். நான் செய்வது ஒரே ஒரு கழித்தல்: 262-இல் 43 போனால் 219, அது மற்றவர்கள் வீசிய 16 ஓவரில் வந்தது. ஓவருக்கு 13.7. அன்றைக்கு ஓவருக்கு மூன்று ஓட்டம் மிச்சப்படுத்தியவர் அவர்.

இதற்கு நேர் எதிர் 2019 மார்ச் 23, சேப்பாக்கம். பந்து நின்று திரும்பிய ஆடுகளத்தில் பெங்களூர் 17.1 ஓவரில் 70-க்குச் சுருண்டது. ஹர்பஜன் சிங் 4 ஓவரில் 20 கொடுத்தார், எகானமி 5. டி20-யில் யாரும் கும்பிடுகிற எண். ஆனால் மற்றவர்கள் வீசிய 13.1 ஓவரில் வந்தது 50, ஓவருக்கு 3.8. எகானமியை மட்டும் பார்த்தால் அன்று ஹர்பஜன் மற்றவர்களைவிடச் சற்று அதிகம் கொடுத்தவர். ஆனால் ஆட்டநாயகன் அவர்தான். கோலி, மொயீன் அலி, டி வில்லியர்ஸ் மூவரையும் எடுத்தது அவர். எகானமிக்குள் விக்கெட் கிடையாது.

கையால் கணக்குப் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 3.4 ஓவர் என்றால் மூன்று ஓவரும் நாலு பந்தும், மொத்தம் 22 பந்து. 30 ஓட்டம் கொடுத்திருந்தால் 30-ஐ 22-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்க வேண்டும், 8.18 வரும். 3.4-ஆல் நேரடியாக வகுத்தால் 8.82 என்று தப்பாக வரும். அடுத்து, வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறும், பையும் லெக் பையும் ஏறாது. கீப்பர் கைவிட்டுப் போனதற்குப் பந்துவீச்சாளரைத் திட்டக் கூடாது.

இப்போது என் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன்: எந்த ஓவரில் இறங்கினான், எத்தனை பந்து ஆடினான். பந்துவீச்சாளருக்கு, எந்த ஓவர்களை வீசினான். அந்தப் பையன் ஏழாம் இடத்துக்கே திரும்பிவிட்டான். போன ஞாயிறு அவன் பெயருக்கு எதிரே நான் எழுதியது: 17-ஆவது ஓவர், 9 பந்து, 19, நாட் அவுட்.